தை 25 கல்யாணம்: வருகைக் கணக்கு, பந்தி ஒதுக்கீடு, இலைக் கணக்கு

நிலவரம்: 1.2.2026 ஞாயிறு இரவு 7 மணி. அடுத்த திருத்தம் 4.2.2026 புதன் மாலை 5 மணி. புதன் இரவு 8 மணிக்குச் சமையல் காண்ட்ராக்டருக்குக் கடைசி எண் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு உறுதி இலையைக் குறைக்க முடியாது, கூட்டலாம்.

வரவேற்பு: 7.2.2026 சனி, மாலை 6.30 முதல்.
முகூர்த்தம்: 8.2.2026 ஞாயிறு, காலை 7.30 – 8.30.
இடம்: மதுரை, மாட்டுத்தாவணி பக்கம் உள்ள மண்டபம். சாப்பாட்டுக் கூடத்தில் 8 வரிசை, வரிசைக்கு 25 இலை, ஒரு பந்திக்கு 200 பேர்.

1. பதில் வந்த கணக்கு

| குழு | பத்திரிகை | வருகிறோம் | இயலாது | பதில் இல்லை | மாலை (பேர்) | காலை (பேர்) |
|---|---|---|---|---|---|---|
| அப்பா வழி | 62 | 51 | 4 | 7 | 118 | 146 |
| அம்மா வழி | 48 | 41 | 3 | 4 | 104 | 127 |
| அப்பா அலுவலகம் | 70 | 38 | 9 | 23 | 72 | 14 |
| தெரு | 55 | 34 | 2 | 19 | 81 | 40 |
| பெண்ணின் தோழிகள் | 45 | 29 | 11 | 5 | 38 | 33 |
| மாப்பிள்ளை வீட்டார் (திருச்சி) | 132 | 97 | 12 | 23 | 186 | 175 |
| மொத்தம் | 412 | 290 | 41 | 81 | 599 | 535 |

பதில் சொல்லாத 81 வீட்டையும் வராதவர்கள் என்று எடுத்துக்கொண்டால் கடைசிப் பந்தியில் சாம்பார் தீர்ந்துவிடும். எல்லோரும் குடும்பத்தோடு வருவார்கள் என்று வைத்தால் நூறு இலைக்கு மேல் வீணாகும். அதனால் குழுவைப் பார்த்துத் தனித்தனியாக மதிப்பிட்டிருக்கிறோம்.

அப்பா வழியில் பதில் வராத ஏழு வீட்டில் நான்கு பேர் தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை போனவர்கள். இன்றுதான் பூசம். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டால் கிடைப்பார்கள், நிச்சயம் வருகிறவர்கள். இவர்களையும் அம்மா வழியில் மீதி உள்ளவர்களையும் சேர்த்து 11 வீட்டுக்கு மாலை 22, காலை 24.

தெருக்காரர்கள் பதில் சொல்ல மாட்டார்கள், ஆனால் வந்துவிடுவார்கள். வாசலில் பார்த்து "வந்துடுவோம்ல" என்று சொன்னதைப் பதிலாக யாரும் ஏட்டில் ஏற்றவில்லை. 19 வீட்டுக்கு மாலை 38, காலை 12. அலுவலகத்தில் பாதிப் பேர் வந்தால் அதிகம்: மாலை 23, காலை 2. தோழிகள் மாலை 3, காலை 2. மாப்பிள்ளை வீட்டில் பதில் வராத 23 வீட்டுக்குச் சம்பந்தியம்மாவே சொன்ன கணக்கு மாலை 30, காலை 25.

ஆக எதிர்பார்ப்பது மாலை 715, காலை 600.

யார் யாரைக் கூப்பிடுவது: அப்பா வழிக்குச் சித்தப்பா, அம்மா வழிக்குப் பெரிய மாமா, தெருவுக்கு அத்தை நேரில் போக வேண்டும், அலுவலகத்துக்கு அப்பாவே. கேட்கும்போது "வர்றீங்களா?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடாதீர்கள். "சனிக்கிழமை சாயங்காலம் எத்தனை பேர், ஞாயிற்றுக்கிழமை காலையில எத்தனை பேர், ராத்திரி தங்குறீங்களா?" என்று மூன்றையும் கேட்டால்தான் ஏட்டில் ஏற்ற முடியும்.

2. ஏட்டில் பதியும் முறை

கூகுள் ஷீட்டில் ஒரு பத்திரிகைக்கு ஒரு வரி. 2 முதல் 413 வரை. A பத்திரிகை எண், B குழு, C பதில், D மாலை பேர், E காலை பேர், F குறிப்பு. குழுவாரியான எண்ணிக்கை இந்தச் சூத்திரத்தில் வருகிறது:

```
=SUMIFS(D2:D413,B2:B413,"தெரு",C2:C413,"வருகிறோம்")
=COUNTIF(C2:C413,"பதில் இல்லை")
```

C கட்டத்தில் யாரும் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். கீழே விழும் பட்டியலில் தேர்ந்தெடுங்கள். சொல்லுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விழுந்தால்கூட அந்த வீடு கணக்கில் ஏறாது. "றோ" எழுத்தும் சில போன்களில் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து, உள்ளே வேறு குறியீடாக விழுகிறது. D, E கட்டங்களில் எண் மட்டும். "4+2 குழந்தை" என்று எழுதினால் அது எண்ணாகவே கூட்டப்படாது. 6 என்று போட்டுவிட்டு, குழந்தை விவரத்தை F-இல் எழுதுங்கள். ஐந்து வயதுக்கு மேல் எல்லாக் குழந்தைக்கும் தனி இலை. அதற்குக் கீழ் இருந்தால் எண்ண வேண்டாம்.

3. இலைக் கணக்கு

விருந்தினரோடு சேர்த்து இலை போட வேண்டிய ஆட்கள் 36 பேர்: நாதஸ்வரக் குழு 6, போட்டோ வீடியோ 5, ஓட்டுநர்கள் 9, மண்டப ஆட்கள் 8, மேடை அலங்காரம் 4, ஐயரும் உதவியாளரும் 2, ஜெனரேட்டர் 2. பல கல்யாணங்களில் இந்த 36 தான் விட்டுப்போகும். சமையல் ஆட்களும் பரிமாறுபவர்களும் அடுக்களையிலேயே சாப்பிடுவார்கள், இலைக் கணக்கில் வராது என்று காண்ட்ராக்டரிடம் பேசியாயிற்று.

காலை வரும் 600 பேரில் டிபன் சாப்பிடுவோர் 430. மொய் எழுதிவிட்டு மதியத்துக்கு முன் கிளம்புவோர் 60 என்று கழித்து, மதியச் சாப்பாட்டுக்கு 540.

| வேளை | விருந்தினர் | ஆட்களோடு | உறுதி இலை | தயார் நிலை (10% கூட) | இலைக்கு ரூ. | உறுதித் தொகை ரூ. |
|---|---|---|---|---|---|---|
| சனி மதியம் (முன்கூட்டி வருவோர்) | 50 | 50 | 50 | 50 | 180 | 9,000 |
| சனி இரவு | 715 | 751 | 700 | 770 | 350 | 2,45,000 |
| ஞாயிறு டிபன் | 430 | 466 | 450 | 495 | 150 | 67,500 |
| ஞாயிறு மதியம் | 540 | 576 | 540 | 594 | 300 | 1,62,000 |
| மொத்தம் | | | | | | 4,83,500 |

உறுதி இலைக்குக் கீழே ஆள் வந்தாலும் முழுத் தொகையும் கொடுக்க வேண்டும்; மேலே போனால் போட்ட இலைக்கு மட்டும். எதிர்பார்ப்பை விட உறுதியைக் குறைத்து வைத்திருப்பது அதனால்தான். முன்பணம் ரூ.1,50,000 கொடுத்தாயிற்று. பாக்கி ரூ.3,33,500. தயார் நிலை முழுவதும் ஓடினால் கூடுதல் ரூ.47,450, அதற்காகப் பெரியப்பாவிடம் தனிக் கவரில் ரூ.48,000 இருக்கிறது.

இலை எண்ணுவதில்தான் சண்டை வரும். விரித்த இலையை எண்ணுவதா, சாப்பிட்ட இலையை எண்ணுவதா என்று. நம் பேச்சு: ஆள் உட்கார்ந்து சாப்பிட்ட இலை மட்டும். ஆள் உட்காரும் முன் இலையில் உப்பு, ஊறுகாய்கூட வைக்கக் கூடாது. வைத்துவிட்டால் காலி இலையும் சாப்பிட்ட இலையாகிவிடும். ஒவ்வொரு பந்தியிலும் ரசம் ஊற்றும் நேரத்தில் வரிசைக்கு எத்தனை இடம் காலி என்று எண்ணி, 200-இல் கழித்து, நம் ஆளும் காண்ட்ராக்டரின் ஆளும் ஒரே நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு எண்ணலாம் என்று விட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

வாழை இலை: தலைவாழை இலை 1,560, டிபனுக்கு நறுக்கு இலை 550. கிழிசலுக்கு 10% இதில் அடக்கம். முகூர்த்த நாளில் இலை விலை ஏறும். வெள்ளிக்கிழமையே கட்டு வந்து ஈரச் சாக்கில் நிழலில் இருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் (300 மி.லி.) 1,900. ஞாயிறு மதியத்துக்கு அரிசி 65 கிலோ, சாம்பாருக்குத் துவரம் பருப்பு 18 கிலோ. ஞாயிறு காலைக் காபிக்குப் பால் 70 லிட்டர், அதிகாலை 4.30-க்கு வந்துவிட வேண்டும்.

தனிக் கவனிப்பு: வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு 14 பேர். இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி 9 பேர். முந்திரி ஒவ்வாமை 2 பேர், இருவரும் மாப்பிள்ளை வீட்டார். பாயசத்தில் முந்திரி போடும் முன் அவர்களுக்கு எடுத்துத் தனித் தூக்கில் பெயர் எழுதி வைக்க வேண்டும். போட்ட பிறகு முந்திரியைப் பொறுக்கி எடுத்துத் தருவது ஆகாது.

தாம்பூலப் பை தலைக்கு இல்லை, வீட்டுக்கு இரண்டு. 335 வீட்டுக்கு 670, கட்டுவது 700.

4. பந்தி ஒதுக்கீடு

சனி இரவு

| பந்தி | நேரம் | யார் | இலை |
|---|---|---|---|
| 1 | 7.00 | மாப்பிள்ளை வீட்டார் 70, தெரு 60, அலுவலகம் 35 | 165 |
| 2 | 7.45 | மாப்பிள்ளை வீட்டார் 100, அலுவலகம் 60, தெரு 40 | 200 |
| 3 | 8.30 | நம் உறவினர் 120, மாப்பிள்ளை வீட்டார் 46, தெரு 19, தோழிகள் 15 | 200 |
| 4 | 9.15 | நம் உறவினர் 124, தோழிகள் 26, ஆட்கள் 36 | 186 |

நான்காம் பந்தி முதல் வரிசை மணமக்களுக்கும் தோழிகளுக்கும். மணமக்களும் நம் உறவினர் கணக்கிலேயே இருக்கிறார்கள். பங்காளிகள் யாரும் முதல் இரண்டு பந்தியில் உட்கார வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணம். சம்பந்தி வீட்டார் கை கழுவிய பிறகு நாம் உட்காரலாம். பசி தாங்காத சின்னப் பிள்ளைகளை மட்டும் முதல் பந்தியில் காலியாக இருக்கும் 35 இடத்தில் உட்கார வையுங்கள். அந்த இலைகளையும் நோட்டில் சேர்க்க வேண்டும்.

ஞாயிறு டிபன் 6.30-க்கு 120, 8.40-க்கு 200, 9.20-க்கு 146. தாலி கட்டும் வரை கூடம் காலியாகவே இருக்கும். அட்சதை போட்டதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் இறங்கும். 8.15-க்கு இட்லித் தட்டு அடுப்பில் ஏறியிருக்க வேண்டும். 6 மணிக்கே எல்லாவற்றையும் அவித்து வைத்தால் இரண்டாம் பந்திக்கு ஆறிப்போன இட்லிதான் கிடைக்கும்.

ஞாயிறு மதியம்

| பந்தி | நேரம் | யார் | இலை |
|---|---|---|---|
| 1 | 11.00 | மாப்பிள்ளை வீட்டார் 150, தெரு 40, அலுவலகம் 10 | 200 |
| 2 | 11.45 | நம் உறவினர் 130, மாப்பிள்ளை வீட்டார் 40, தோழிகள் 30 | 200 |
| 3 | 12.30 | நம் உறவினர் 140, ஆட்கள் 36 | 176 |

முதல் பந்தி வரிசை வாரியாக: 1, 2 சம்பந்தியும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் (50). 3 முதல் 6 வரை மாப்பிள்ளை வீட்டு உறவினர் (100). 7, 8 தெருவும் அலுவலகமும் (50). முதல் வரிசையின் வாசல் பக்கக் கடைசி 12 இடம் முட்டிவலி உள்ளவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வரும் பாட்டிக்கும். சாய்தளம் அந்த வாசலில்தான் இருக்கிறது. எட்டாம் வரிசை கை கழுவும் இடத்தை ஒட்டியது. தரை எப்போதும் ஈரமாக இருக்கும், அங்கே வயதானவர்களை உட்கார வைக்க வேண்டாம்.

பெயர் அட்டை ஒட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். கூடத்து வாசலில் பெரிய மாமாவும் அத்தையும் நின்று, முகம் பார்த்துக் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைக்க வேண்டும். உள்ளே பந்தி விசாரணை: வரிசை 1–4 சித்தப்பா, 5–8 சின்ன மாமா. முந்தின பந்தியின் எச்சில் இலை எடுத்து, மேசை துடைத்து, புது இலை விரிக்க 8 நிமிடம் ஆகும். அது முடியும் வரை கதவு சாத்தியே இருக்கட்டும். திறந்து வைத்தால் சாப்பிடுகிறவர்கள் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்தி வந்து நிற்கும். பெரியவர்கள் மோர் சாதம் சாப்பிடாமலே எழுந்துவிடுவார்கள்.

திருச்சி பஸ் மதியம் 1.45-க்கு. ஞாயிற்றுக்கிழமை 12 முதல் 1.30 வரை எமகண்டம், அந்த நேரத்தில் கிளப்ப வேண்டாம் என்று சம்பந்தி சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் ஏற்ற வேண்டியது: தாம்பூலப் பை 200, தண்ணீர் பாட்டில் 60, வர முடியாத பெரியவர்களுக்கு இனிப்புப் பொட்டலம் 12. பொறுப்பு சின்ன மாமா.