செப்டம்பர் 1 முதல் என் விடுப்பு: யார் எதைப் பார்ப்பது, என்னை எப்போது கூப்பிடலாம்

சாருக்கும், துரை அண்ணா, மணி அண்ணா, ரம்யா, ஆடிட்டர் ஆபீஸ் கார்த்திக் எல்லோருக்கும் வணக்கம்.

செப்டம்பர் 1 முதல் பிரசவ விடுப்பில் போகிறேன். மொத்தம் 26 வாரம், மார்ச் 1 வரை. மார்ச் 2 காலை பீன்யாவில் என் மேசையில் இருப்பேன், வருடக் கணக்கை முடிக்க நானே இருப்பேன். டாக்டர் சொல்லியிருக்கும் தேதி அக்டோபர் 14. அதற்கு முன்னே பின்னே ஆகலாம், அது என் கையில் இல்லை. இருக்கப்போவது வாணியம்பாடியில், அம்மா வீட்டில்.

போன வருடம் தங்கை கல்யாணத்துக்கு நான்கு நாள் போயிருந்தபோது 23 போன் வந்தது. எண்ணி வைத்திருக்கிறேன். அதில் 19 ஓடிபி கேட்டு. முகூர்த்த நேரத்தில் மேடையில் நின்றுகொண்டு ஆறு இலக்கம் வாசித்தேன். தப்பு உங்களுடையது அல்ல. எல்லா இடத்திலும் என் நம்பரைக் கொடுத்து வைத்த என்னுடையது. அதனால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டேன்.

சார் பெயரில் புது சிம் வாங்கி, ஆபீஸ் மொபைலில் போட்டாயிற்று. ஜிஎஸ்டி, ஈவே பில், பிஎஃப், இஎஸ்ஐ, வருமான வரி, பெஸ்காம் எல்லாவற்றிலும் இப்போது அந்த நம்பர்தான். பேங்க் மட்டும் சாருடைய சொந்த நம்பர், அது அப்படியே இருக்கட்டும். இனி என் போனுக்கு ஒரு ஓடிபியும் வராது. வந்தால் எங்கோ தவறியிருக்கிறது என்று அர்த்தம், அதை மட்டும் வாட்ஸ்அப்பில் சொல்லுங்கள். மொபைல் காலை 9 முதல் மாலை 6 வரை ரம்யாவிடம், மற்ற நேரம் துரை அண்ணாவிடம். வீட்டுக்கு யாரும் எடுத்துப் போக வேண்டாம் அண்ணா, முதல் ஷிஃப்ட் லோடுக்கு அது ஷாப்பில் இருந்தாக வேண்டும். பாஸ்வேர்ட் எழுதிய நோட்டு சார் லாக்கரில், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனும் அங்கேதான். பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள், என்னைக் கேட்டு அனுப்பச் சொல்லவும் வேண்டாம்.

இப்போது வேலை.

சேல்ஸ் பில், டெலிவரி சலான், ஈவே பில் மூன்றும் ரம்யா. ரம்யா லீவு போட்டால் மணி அண்ணா. இதில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் வண்டி நடுரோட்டில் நிற்பது இதனால்தான். பெங்களூருக்குள் போகும் சரக்குக்கும் ஓசூர் போகும் சரக்குக்கும் நம் எல்லோருக்கும் மனதில் வித்தியாசமே கிடையாது, அதிகம் போனால் ஒன்றரை, இரண்டு மணி நேரம். ஆனால் அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம். ஓசூர் பார்ட்டிக்கு ஐஜிஎஸ்டிதான் போட வேண்டும், பழக்கதோஷத்தில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்துப் போட்டுவிடக் கூடாது. அப்புறம், ஹீட் டிரீட்மென்டுக்கு அங்கே அனுப்பும் பீஸ்களுக்குச் சலானில் மதிப்பு 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்தாலும் ஈவே பில் வேண்டும். ஜாப் வொர்க்குக்காக மாநிலம் தாண்டினால் அந்த வரம்பு கிடையாது. "பத்தாயிரம் ரூபாய்ச் சரக்குதானே" என்று டிரைவர் சொல்வார், கேட்காதீர்கள். வண்டி மாறினால் வண்டி எண்ணை மாற்றிய பிறகுதான் கேட்டைத் தாண்ட வேண்டும், துரை அண்ணா இதைச் செக்யூரிட்டியிடம் கன்னடத்தில் ஒருமுறை அழுத்திச் சொல்லிவிடுங்கள். தப்பாகப் போட்ட ஈவே பில்லை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், அதற்குப் பிறகு முடியாது.

ஜாப் வொர்க்குக்குப் போன மெட்டீரியல் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். பிளேட்டிங் கடையில் இரண்டு பழைய சலான் பாக்கி நிற்கிறது: ஒன்று நவம்பரில் வருடம் முடிகிறது, இன்னொன்று ஜனவரியில். மணி அண்ணா, அந்த இரண்டையும் மஞ்சள் அட்டையில் தனியாகப் பின் செய்து உங்கள் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அவர் "நாளைக்கு, நாளைக்கு" என்பார். நேரில் போய் எடுத்து வருவதுதான் வழி.

சம்பளம் ரம்யா போடுவாள், துரை அண்ணா சரிபார்ப்பார், சார் பேங்கில் அப்ரூவ் செய்வார். 31 பேருக்கும் 7ஆம் தேதிக்குள். ஓவர்டைம் கணக்கு 2ஆம் தேதி மாலைக்குள் துரை அண்ணாவிடமிருந்து வந்துவிட வேண்டும் (அண்ணா, உங்களை மற்றவர்கள் முன்னால் சொல்வதற்கு மன்னிக்கவும், ஆனால் 5ஆம் தேதிக்கு முன் அது வந்ததே இல்லை). ஒடிசா பையன்கள் வாங்கிய அட்வான்ஸ் விவரம் தனி ஷீட்டில் இருக்கிறது. யாருக்கும் ஒரே மாதத்தில் முழுவதையும் பிடிக்க வேண்டாம், அவர்களிடம் ஏற்கெனவே பேசி வைத்த தொகையை மட்டும் பிடித்தால் போதும். புதிதாக யாராவது சேர்ந்தால் பிஎஃப் யூஏஎன் எண்ணை உமங் ஆப்பில் முகம் காட்டி அவரேதான் எடுக்க வேண்டும், நாம் உட்கார்ந்து போட முடியாது. சேர்ந்த அன்றே அவர் போனில் எடுக்கச் சொல்லிவிடுங்கள், மாதக் கடைசியில் ஆளைத் தேட வேண்டாம். 25,000 ரூபாயும் அதற்கு மேலும் வாங்குபவர்களுக்குப் புரொஃபெஷனல் டாக்ஸ் மாதம் 200. பிப்ரவரி சம்பளத்துக்கு மட்டும் 300. ரம்யா, டாலியில் அதை மாற்றி வைத்திருக்கிறேன், ஆனாலும் ஒருமுறை பார்த்துக்கொள்.

பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் 15ஆம் தேதி, புரொஃபெஷனல் டாக்ஸ் 20. ரம்யா சலான் எடுப்பாள், சார் கட்டுவார். டிடிஎஸ் கட்டுவது 7ஆம் தேதிக்குள், இதுவும் அப்படியே. அக்டோபர் 31, ஜனவரி 31 காலாண்டு டிடிஎஸ் ரிட்டர்ன், செப்டம்பர் 15, டிசம்பர் 15 அட்வான்ஸ் டாக்ஸ் இவையெல்லாம் கார்த்திக் பொறுப்பு. அவர் ஒப்புக்கொண்டாயிற்று.

ஜிஎஸ்டி ரிட்டர்னும் கார்த்திக்தான். ஆனால் பில் விவரம் இங்கிருந்து 8ஆம் தேதிக்குள் போனால்தான் அவர் ஜிஎஸ்டிஆர்-1ஐ 11க்குள் போட முடியும். அது போகாமல் 20ஆம் தேதி 3பி போகாது. ஜிஎஸ்டிஆர்-1இல் என்ன எண் போகிறதோ அதுதான் 3பிக்கு வரும் என்பதால், 8ஆம் தேதி அனுப்பும்முன் சேல்ஸ் ரிஜிஸ்டரின் மொத்தத்தை ரம்யாவும் மணி அண்ணாவும் சேர்ந்து ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுங்கள். 14ஆம் தேதி 2பி வந்ததும் வாங்கிய பில்களோடு ஒப்பிடுவது ரம்யா. அதில் வராத பில்லுக்கு வரியை எடுத்துக்கொள்ள முடியாது, அந்த சப்ளையரைக் கூப்பிட்டுச் சண்டை போடுவது மணி அண்ணா. இந்த வேலைக்கு அவர் குரல்தான் சரி.

வர வேண்டிய பணத்துக்கு செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் காலை 11 மணிக்கு ரம்யா போன் செய்வாள். 60 நாள் தாண்டியதைச் சார் பேச வேண்டும். நாம் கொடுக்க வேண்டியதில், உத்யம் பதிவு உள்ள சின்னக் கடைகளுக்கு 45 நாளைத் தாண்ட விடாதீர்கள். பட்டியலில் பச்சை நிறம் போட்டிருக்கிறேன்.

தீபாவளி போனஸ் கணக்கு முடித்து சார் மேசையில் வைத்துவிட்டேன். 8.33 சதவீதத்துக்கு ஒன்று, போன வருடம் கொடுத்த அளவுக்கு ஒன்று என இரண்டு ஷீட். எது என்று ஆயுத பூஜைக்கு முன்பே சார் சொல்லிவிட்டால் நல்லது. பூஜை அன்று பூசணிக்காய் உடைத்து முடிக்கும்வரைகூட யாரும் பொறுக்க மாட்டார்கள், "போனஸ் எவ்வளவு" என்று ரம்யாவைத்தான் சுற்றி நிற்பார்கள். ஸ்வீட், பொரி, பூ எல்லாம் மணி அண்ணா.

பெட்டிக் காசு, கரண்ட் பில், டீக்கடைக் கணக்கு: மணி அண்ணா.

சரி, என்னை எப்போது கூப்பிடலாம்.

செப்டம்பர் முடியும்வரை: ரம்யா மட்டும், நாளுக்கு ஒரு தடவை, காலை 11 முதல் 11.30 வரை. கேட்க வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்துக் கேள். மற்றவர்கள் ரம்யாவிடம் சொல்லுங்கள். அம்மா வீட்டில் மாடிக்குப் போனால்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும், படியேற இப்போதே திட்டு விழுகிறது. அதனால் நான் எடுக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப அடிக்காமல் வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள்.

அக்டோபர் 1 முதல், குழந்தை பிறந்து ஆறு வாரம் முடியும்வரை: யாரும் வேண்டாம். அந்த ஆறு வாரம் வேலை வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, அதை விடக் கண்டிப்பாக என் அம்மா சொல்கிறாள். அந்தக் காலத்திலும் மூன்று விஷயத்துக்கு மட்டும் சார் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்யலாம். ஒன்று, ஏதாவது துறையிலிருந்து நோட்டீஸ் வந்து பதில் சொல்ல ஏழு நாளுக்கும் குறைவாக இருந்து, கார்த்திக்குக்கும் விவரம் தெரியாமல் இருந்தால். இரண்டு, பேங்க் கணக்கு முடங்கி சம்பளம் போக முடியாமல் போனால். மூன்று, நான் மட்டுமே வைத்திருக்கும் பழைய ஃபைல் எதையாவது அதிகாரி நேரில் வந்து கேட்டால். அவர் என்னிடம் கேட்டுச் சொல்வார். என் நேரடி நம்பர் வேண்டாம்.

அதற்குப் பிறகு, விடுப்பு முடியும்வரை: சனிக்கிழமை மாலை 4 முதல் 5. குழந்தை தூங்கினால் பேசுவேன்.

டாலி திறக்கவில்லை, பிரிண்டரில் பேப்பர் மாட்டிக்கொண்டது, பார்ட்டி பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கேட்கிறார், இதெல்லாம் அவசரம் இல்லை. ஷாப்பில் யாருக்காவது அடிபட்டால் அது அவசரம்தான், ஆனால் எனக்குப் போன் செய்து ஒரு நிமிடம்கூட வீணாக்காதீர்கள். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி உண்டோ அங்கே முதலில், பிறகு இஎஸ்ஐ உள்ளவர் என்றால் ராஜாஜிநகர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரி. துரை அண்ணா கூடப் போவார், ரம்யா அன்றே இஎஸ்ஐ தளத்தில் விபத்து ரிப்போர்ட் போட்டுவிட வேண்டும். எல்லோருடைய இஎஸ்ஐ நம்பரும் துரை அண்ணா கேபின் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

ஆகஸ்ட் 31 மதியம் 3 மணிக்கு எல்லோரும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ரம்யா ஒரு ஓசூர் லோடுக்குச் சலானும் ஈவே பில்லும் முதலிலிருந்து கடைசிவரை போட்டுக் காட்டுவாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சார், அந்த நேரத்தில் உங்கள் பேங்க் அப்ரூவலையும் ஒருமுறை செய்து பார்த்துவிடலாம். மேசைச் சாவி அன்று மாலை மணி அண்ணாவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புவேன். கீழ் டிராயரில் இருக்கும் கடலை மிட்டாய் டப்பாவை யார் வேண்டுமானாலும் முடித்துவிடலாம், மார்ச் வரை தாங்காது.

கவிதா
கணக்குப் பிரிவு