செயலட்டை: விருத்திகளின் n ஆம் உறுப்பு (தரம் 11)

கிளிநொச்சியில் ஒரு குளக்கட்டோரம் பனம்விதை நடுகிறார்கள். வரிசைகளில் 7, 11, 15, 19 விதைகள். ஒவ்வொரு முறையும் 4 கூடுகிறது. ஆகவே இது கூட்டல் விருத்தி.

Tₙ = a + (n − 1)d
Tₙ = 7 + 4(n − 1) = 4n + 3

சரி பார்ப்போம்: n = 1 எனில் 7, n = 2 எனில் 11, n = 3 எனில் 15. பொருந்துகிறது. பலர் அவசரத்தில் 4n + 7 என எழுதிவிடுவார்கள். n = 1 இட்டால் 11 வரும், பிழை அங்கேயே பிடிபடும். இந்தச் சோதனைக்கு அரை நிமிடம் போதும், தயவுசெய்து விடாதீர்கள்.

3, 6, 12, 24 என்பதில் ஒவ்வொன்றும் 2 ஆல் பெருகுகிறது. இது பெருக்கல் விருத்தி.

Tₙ = arⁿ⁻¹ = 3 × 2ⁿ⁻¹

n = 1 எனில் 2⁰ = 1, ஆகவே 3. அடுத்து 6, 12. இங்கே 3 × 2 ஐ 6 ஆக்கி 6ⁿ⁻¹ என்று எழுதக் கூடாது. அடுக்கு 2 இற்கு மட்டும்தான்.

பயிற்சி (ஒவ்வொன்றிலும் முதல் மூன்று உறுப்புகளை இட்டுச் சரிபார்த்துக் காட்டுக.)

1. 5, 8, 11, … Tₙ, T₂₀ காண்க.
2. 40, 37, 34, … முதல் மறை உறுப்பு எத்தனையாவது?
3. 2, 6, 18, … Tₙ, T₆ காண்க.
4. 80, 40, 20, … Tₙ காண்க.
5. நெல் மூட்டை அடுக்கில் அடிவரிசையில் 18. மேலே போகப் போக 2 குறைகிறது. 4 மூட்டை உள்ளது எந்த வரிசை?
6. 2, 5, 10, 17 எந்த விருத்தி? அவசரப்படாமல் வித்தியாசம், விகிதம் இரண்டையும் பாருங்கள்.

விடைகள்: 1) 3n + 2, 62 2) 15 ஆவது 3) 2 × 3ⁿ⁻¹, 486 4) 80 × (½)ⁿ⁻¹ 5) 8 ஆவது 6) இரண்டுமில்லை