மின்துண்டிப்பு அறிவித்தல்

ஹட்டன், 2026.11.10

எமது தொடர்மாடிக் குடியிருப்பாளர்களுக்கு,

எதிர்வரும் ஞாயிறு (15ஆம் திகதி) மு.ப. 8.30 முதல் பி.ப. 2.00 வரை முழுக் கட்டடத்துக்கும் மின்சாரம் நிறுத்தப்படும். லிப்டின் பிரேக், கதவு சென்சர், கம்பிவடம் பரிசோதிக்கப்படும். பிரதான பலகையில் பனி ஈரத்தால் பச்சை பிடித்த வயர் முனைகள் சுத்தமாக்கி இறுக்கப்படும். தளர்ந்த முனை சூடேறித் தீப்பிடிக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது.

8.15க்குப் பின் லிப்டில் ஏற வேண்டாம். தண்ணீர் மோட்டரும் இயங்காது, முதல்நாளே பிடித்து வையுங்கள். கீசர், ஹீட்டர், அயன் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்: மின்சாரம் திரும்பும்போது ஒரேயடியாகச் சுமை ஏறினால் பிரதான ட்ரிப் சுவிட்ச் விழும். வேலை முடியும்வரை வீட்டு ஜெனரேட்டரை இணைக்கவே வேண்டாம், பின்னோட்ட மின்சாரம் வேலைசெய்பவரின் உயிரைப் பறிக்கும்.

படியேற முடியாத முதியோர், நோயாளர் இருந்தால் சனி மாலைக்குள் காவலாளியிடம் சொல்லுங்கள்.

முகாமைத்துவக் குழு