பிரிவு 14: காலி செய்யும்போது இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல்

14.1 வாடகைதாரர் இந்த முதல் தளத்தைப் பல் மருத்துவமனை நடத்துவதற்காக 6 ஆண்டுகளுக்கு எடுத்திருக்கிறார். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும், இடையில் முறித்துக்கொண்டாலும், தான் செய்த மாற்றங்களைத் தன் செலவிலேயே அகற்றி, இடத்தைப் பழைய நிலையில் உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும்.

14.2 பழைய நிலை என்பது, சாவி கைமாறிய அன்று இரு தரப்பும் சேர்ந்து எடுத்த 64 படங்களிலும் அளவு குறித்த வரைபடத்திலும் காணப்படும் நிலை. இவை அட்டவணை 3-இல் இரு தரப்பின் கையெழுத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. காலி செய்யும் நேரத்தில் பெரும்பாலான சச்சரவு, முன்பு எப்படி இருந்தது என்பதில்தான் கிளம்பும். அதனால் படமே பேசும். நினைவில் உள்ளதைச் சொல்வது சான்றாகாது. வரவேற்பறையில் உள்ள மரத் தடுப்பு முந்தைய வாடகைதாரர் விட்டுச் சென்றது. அதை அகற்றும் பொறுப்பு இந்த வாடகைதாரருக்கு இல்லை. வடகிழக்கு ஜன்னல் கண்ணாடியில் உள்ள கீறலுக்கும் அவர் பொறுப்பல்ல.

14.3 கண்ணாடி பார்ட்டிஷன், ஃபால்ஸ் சீலிங், ஏசி, அதன் வெளி யூனிட் தாங்கிகள், பெயர்ப்பலகை, கம்ப்ரசர், எக்ஸ்ரே அறையின் ஈயத் தகடு, கூடுதலாக இழுத்த வயரிங் ஆகியவை அகற்றப்பட வேண்டும். வயரை வெட்டி சுவருக்குள் விட்டுவிடக் கூடாது. டிபி பாக்ஸ் வரை உருவி எடுக்க வேண்டும். ஆணி, ஸ்க்ரூ ஓட்டைகளை அடைத்து, புட்டி தேய்த்து, அந்தச் சுவர் முழுவதற்கும் ஒரே நிறத்தில் வர்ணம் பூச வேண்டும்.

14.4 தரை தனிக் கவனத்துக்கு உரியது. 4 சிகிச்சை நாற்காலிகளுக்கும் தண்ணீர், கழிவுநீர், அழுத்தக் காற்று, உறிஞ்சு குழாய், மின்சாரம் எல்லாம் தரைக்கடியில்தான் போகின்றன. இவற்றுக்கான பள்ளம், கான்கிரீட் தளத்துக்கு மேலுள்ள பூச்சில் மட்டுமே வெட்டப்படலாம். கம்பி கட்டிய தளத்தைத் தொடவே கூடாது. காலி செய்யும்போது குழாய்களை எடுத்து, மூல இணைப்பில் மூடி போட்டு, பள்ளத்தைக் கெட்டியாக நிரப்பி, டைல்ஸ் பதிக்க வேண்டும். இதற்காக 40 டைல்ஸ் உரிமையாளரிடம் இப்போதே எடுத்து வைக்கப்பட்டுள்ளன. பழைய டைல் மங்கியிருக்கும், புதியது பளிச்சென்று தெரியும். இந்த நிற வேறுபாட்டைக் குறையாகக் கொள்ளக் கூடாது. ஆனால் மட்டம் தப்பினாலோ, தட்டினால் உள்ளீடற்ற சத்தம் வந்தாலோ அது குறையே. அந்த இடத்தைப் பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும்.

உறிஞ்சு குழாய்களிலும் அவற்றின் வடிகட்டிகளிலும் பாதரசம் கலந்த அமால்கம் துகள் தங்கியிருக்கும். அவற்றை இடிபாட்டோடு கொட்டக் கூடாது. அபாயக் கழிவு எடுக்க உரிமம் பெற்றவரிடம் கொடுத்து, ரசீதின் நகலை உரிமையாளருக்குத் தர வேண்டும்.

14.5 ஒரு மாற்றத்துக்கு உரிமையாளர் சம்மதித்தார் என்பதால், அதை அப்படியே விட்டுச் செல்லவும் சம்மதித்தார் என்று ஆகாது. எதை விட்டுச் செல்லலாம் என்பதை, காலம் முடிவதற்கு 4 மாதம் முன்பே உரிமையாளர் எழுத்தில் தெரிவிப்பார். அப்படி விட்டுச் செல்வதற்கு வாடகைதாரர் பணம் கேட்க முடியாது. தெரிவித்த பிறகு உரிமையாளரும் மனம் மாறி, அதையும் அகற்று என்று சொல்ல முடியாது.

14.6 நாள்பட்ட புழக்கத்தால் வரும் தேய்மானம், வெயிலில் வெளிறிய வர்ணம், கட்டடத்தின் சொந்தக் கசிவால் வந்த கறை ஆகியவற்றைச் சரிசெய்யும் கடமை வாடகைதாரருக்கு இல்லை. வாங்கியதைவிட நல்ல நிலையில் இடத்தைக் கேட்கும் உரிமை உரிமையாளருக்கும் இல்லை.

14.7 வேலை முழுவதும் ஒப்பந்தக் காலத்துக்குள் முடிய வேண்டும். கடைசி நாளுக்கு 10 நாள் முன்பு இரு தரப்பும் சேர்ந்து பார்வையிட்டு, மீதமுள்ள குறைகளை ஒரே பட்டியலாக எழுதிக் கையெழுத்திடுவார்கள். வெளிப்படையாகத் தெரியும் குறை எதையும் அதன்பின் சேர்க்க முடியாது.

14.8 வேலை முடியாவிட்டால், உரிமையாளர் 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவிப்பார். அப்புறமும் நடக்கவில்லை என்றால் தானே செய்துகொண்டு, உண்மையில் ஆன செலவை மட்டும் பில்லோடு அட்வான்சில் கழிக்கலாம். தாமதமான நாள்களுக்கு அன்றாடக் கணக்கில் வாடகையும் உண்டு, ஆனால் 2 மாத வாடகைக்கு மேல் போகாது. மீதி அட்வான்ஸ் 30 நாளுக்குள் திரும்ப வர வேண்டும்.

14.9 கட்டடத்தை இடிக்கவோ, இந்தத் தளத்தை அடியோடு மாற்றியமைக்கவோ உரிமையாளர் முடிவு செய்திருந்தால், அதனால் வீணாகப் போகும் வேலையைச் செய்யச் சொல்லவோ அதன் செலவை வசூலிக்கவோ கூடாது.

14.10 ஒரு வேலை சரியாக முடிந்ததா என்பதில் கருத்து வேறுபட்டால், இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து எழுதித் தருவது இருவரையும் கட்டுப்படுத்தும். அவர் கட்டணத்தில் ஆளுக்குப் பாதி.