பாலர் வகுப்புப் பெற்றோருக்கான குரல் அறிவிப்பு: கை, கால், வாய்ப்புண் நோய்

பதிவுக்கு முன் எனக்கான குறிப்பு

பாடநூல் அறையில் பதிவு செய்ய வேண்டும். அங்கே நான்கு பக்கமும் புத்தகக் கட்டுகள் இருப்பதால் குரல் எதிரொலிக்காது. மின்விசிறி, ஏர்கோன் இரண்டும் நிறுத்தம். பாங்கு முடிந்து, பள்ளிப் பேருந்துகளும் கிளம்பிய பிறகு, இரண்டு மணிக்கு மேல் தொடங்கலாம். கைத்தொலைபேசியை விமானப் பயண நிலையில் வைத்துவிட வேண்டும். பாதியில் யாராவது அழைத்தால் முதலிலிருந்து பேச வேண்டி வரும். பேசும் துளை கீழ்விளிம்பில் இருக்கிறது, சுண்டுவிரல் அதை மூடக் கூடாது. வாயிலிருந்து ஒரு சாண் தூரம். நேர் எதிரே பிடிக்காமல் கன்னத்துப் பக்கம் சற்றே சாய்த்துப் பிடித்தால் ‘ப’ வரும் இடங்களில் காற்று மோதாது.

புலனத்திலேயே நேராகப் பேசாமல், குரல் பதிவுச் செயலியில் பேசி, கேட்டுப் பார்த்த பிறகு அனுப்புவதுதான் நல்லது. ஒரே பதிவாகப் போட்டால் பாதிக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் மூன்று பதிவுகள்.

‘இன்று’, ‘நாளை’ என்ற சொற்கள் எங்கேயும் வரக் கூடாது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு வேலை பார்க்கும் பெற்றோர் இதை மறுநாள் காலையில்தான் கேட்பார்கள். அவர்களுக்கு ‘நாளை’ என்பது வேறு நாள். எல்லா இடத்திலும் கிழமையும் தேதியும் சொல்ல வேண்டும், கிழமை முதலில்.

முதல் பதிவு: வகுப்பு மூடப்படுகிறது

(பதிவுப் பொத்தானை அழுத்தியதும் இரண்டு விநாடி அமைதி. உடனே பேசினால் ‘வணக்கம்’ பாதி வெட்டுப்படுகிறது.)

வணக்கம். இது ஆறு வயதுப் பாலர் வகுப்பு ஆசிரியை பேசுகிறேன். பதிவு செய்யும் நாள் செவ்வாய்க்கிழமை, ஜூலை 14. அம்மா அப்பா மட்டுமல்லாமல் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டி, தாத்தா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் கேட்க வேண்டும் என்றுதான் கடிதத்தோடு நிறுத்தாமல் குரலிலும் சொல்கிறேன்.

நம் வகுப்பில் இரண்டு பிள்ளைகளுக்குக் கை, கால், வாய்ப்புண் நோய் இருப்பதை மருத்துவர் உறுதி செய்திருக்கிறார். (நிறுத்தம். ஒரு மூச்சு.) இருவரும் வீட்டில் நன்றாகத் தேறி வருகிறார்கள்.

மாவட்டச் சுகாதார அலுவலகம் சொன்னபடி நம் வகுப்பைப் 10 நாள் மூடுகிறோம். புதன்கிழமை, ஜூலை 15 முதல் வெள்ளிக்கிழமை, ஜூலை 24 வரை வகுப்பு இல்லை. (மெதுவாக, இன்னொரு முறை.) புதன்கிழமை, ஜூலை 15 முதல் வெள்ளிக்கிழமை, ஜூலை 24 வரை. மறுபடியும் வகுப்பு தொடங்குவது திங்கட்கிழமை, ஜூலை 27, வழக்கமான நேரம்.

மற்ற ஆண்டுகளுக்குப் பள்ளி வழக்கம்போல் நடக்கும். உங்கள் மூத்த பிள்ளைகள் நம் பள்ளியில் படித்தால், காய்ச்சலோ கொப்புளமோ இல்லாதவரை அவர்கள் வரலாம்.

வேலையிடத்தில் விடுப்புக் கேட்க வகுப்பு மூடுவதற்கான கடிதம் தேவைப்பட்டால், பள்ளி அலுவலகத்தில் நகல் தயாராக இருக்கிறது. நேரில் வர முடியாதவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், படமெடுத்து அனுப்புகிறேன்.

(அடுத்ததை நிதானமாகச் சொல்ல வேண்டும், குரல் உயரக் கூடாது.)

ஒரு வேண்டுகோள். அந்த இரண்டு பிள்ளைகள் யார் என்று குழுவில் கேட்காதீர்கள். ஊகித்தும் எழுதாதீர்கள். இது யாருடைய வீட்டுச் சுத்தக் குறைவாலும் வந்தது அல்ல. ஒரே பொம்மையைப் பத்துப் பிள்ளைகள் தொடும் வகுப்பில் இந்தக் கிருமி எந்தப் பிள்ளையிடமிருந்தும் தொடங்கலாம். தங்கள் பிள்ளையின் நோயை மறைக்காமல் உடனே என்னிடம் சொன்ன அந்த இரண்டு குடும்பங்களுக்கும் நான் நன்றி சொல்கிறேன். அவர்கள் சொன்னதால்தான் மற்ற பிள்ளைகளைக் காப்பாற்ற நமக்கு நேரம் கிடைத்தது.

இந்தப் பதிவைக் கேட்டதும் குழுவில் ‘கேட்டேன்’ என்று ஒரு வார்த்தை போடுங்கள். வராதவர்களுக்கு மாலையில் நானே அழைப்பேன். நன்றி.

(இரண்டு விநாடி அமைதி. பிறகு நிறுத்தம்.)

இரண்டாம் பதிவு: பிள்ளையிடம் எதைப் பார்க்க வேண்டும்

(தண்ணீர் குடித்துவிட்டுத் தொடங்க வேண்டும். 1997-இல் சரவாக்கில் இந்த நோய்ப் பரவலில் பிள்ளைகள் இறந்ததைப் பெரியவர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அதைப் பதிவில் எடுக்க வேண்டாம். ஆபத்து அறிகுறிகளைத் தெளிவாகச் சொன்னால் போதும், பயமுறுத்த வேண்டியதில்லை.)

வணக்கம். ஆறு வயதுப் பாலர் வகுப்பு ஆசிரியை பேசுகிறேன். செவ்வாய்க்கிழமை, ஜூலை 14, இரண்டாம் பதிவு.

இந்த நோய் பெரும்பாலும் காய்ச்சலில் தொடங்கும். பிள்ளை சோர்ந்திருக்கும், தொண்டை வலிக்கிறது என்று சொல்லும், சாப்பாட்டைத் தள்ளிவிடும். ஓரிரு நாளில் நாக்கிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் புண் வரும். எச்சில் ஒழுகும். உள்ளங்கை, உள்ளங்கால், சில பிள்ளைகளுக்குப் புட்டம், முட்டி ஆகிய இடங்களில் சிவப்புப் புள்ளிகளோ சிறு கொப்புளங்களோ தெரியும். தினமும் காலையில் குளிப்பாட்டும்போது வெளிச்சத்தில் வைத்துக் கையையும் காலையும் வாயையும் பாருங்கள். கிருமி தொற்றி, பெரும்பாலும் மூன்று முதல் ஆறு நாளுக்குள் அறிகுறி தெரிந்துவிடும். அதனால் இப்போது ஓடியாடி விளையாடும் பிள்ளையையும் இந்தப் 10 நாளும் பார்த்தபடி இருங்கள்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏழிலிருந்து பத்து நாளில் தானாகவே சரியாகிவிடும். இது வைரஸ், ஆன்டிபயாட்டிக் இதற்கு வேலை செய்யாது. காய்ச்சலுக்கு டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமோல் கொடுக்கலாம். ஆஸ்பிரின் மட்டும் கொடுக்கவே கூடாது. வாய்ப்புண் எரிவதால் பிள்ளை தண்ணீர்கூட வேண்டாம் என்று சொல்லும். அப்போது ஆறிய கஞ்சி, குளிர்ந்த பால், இளநீர் என்று வாய்க்கு இதமானதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ரசம், புளிப்பான பழச்சாறு, காரம் வேண்டாம்.

(இங்கே பாட்டிமார்களை நினைத்துக்கொண்டு பேச வேண்டும். அவர்களோடு வாதாடும் குரலாக இருக்கக் கூடாது.)

பாட்டி, தாத்தா, உங்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆடி மாதம் பிறக்கப் போகிறது. இந்த நேரத்தில் பிள்ளையின் உடம்பில் கொப்புளம் தெரிந்தால் அம்மை போட்டிருக்கிறது என்று நம் வீடுகளில் உடனே சொல்வோம். வாசலில் வேப்பிலை கட்டுவோம், பிள்ளையைத் தனியாகப் படுக்க வைப்போம். என் பாட்டியும் அப்படித்தான் என்னைப் பார்த்துக்கொண்டார். பிள்ளையைத் தனியாக வைப்பது இந்த நோய்க்கும் மிகவும் நல்லது. வேப்பிலை கட்டுங்கள், விளக்கேற்றி வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் அம்மை போட்டால் டாக்டரிடம் போகக் கூடாது என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். எந்த நோய் என்பது பார்த்தால்தான் தெரியும்.

(நிறுத்தம். அடுத்த பகுதி மிக மெதுவாக, ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு மூச்சு.)

இப்போது சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். பிள்ளை தூக்கத்தில் திடீர் திடீரென்று தூக்கிப் போட்டால். நடக்கும்போது தள்ளாடினால். எழுப்பியும் சரியாக விழிக்காமல் மயக்கமாகவே கிடந்தால். விடாமல் வாந்தி எடுத்தால். மூச்சு வேகமாக வாங்கினால். எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தால். இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள். வண்டி இல்லையென்றால் 999-ஐ அழையுங்கள். (ஒவ்வோர் எண்ணாக:) ஒன்பது, ஒன்பது, ஒன்பது.

பிள்ளைக்கு நோய் என்று டாக்டர் சொன்னால் எனக்குத் தனியாகத் தெரிவியுங்கள், எந்த நேரமானாலும் சரி. பெயர் என்னையும் தலைமையாசிரியரையும் சுகாதார அலுவலகத்தையும் தாண்டிப் போகாது. நன்றி.

மூன்றாம் பதிவு: வீட்டில் செய்ய வேண்டியது

(இது சுருக்கமாக இருந்தால் போதும்.)

வணக்கம். ஆறு வயதுப் பாலர் வகுப்பு ஆசிரியை, செவ்வாய்க்கிழமை, ஜூலை 14, மூன்றாம் பதிவு, கடைசிப் பதிவு.

கை கழுவ சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும். கையில் தடவும் ஆல்கஹால் ஜெல் இந்தக் கிருமியிடம் அவ்வளவாக வேலை செய்யாது. பிள்ளையைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போன பெரியவர்களும் கழுவ வேண்டும். நோய் குணமான பிறகும் பல வாரங்களுக்கு மலத்தில் கிருமி இருக்கும். கழுவும் நேரத்துக்கு வகுப்பில் நாங்கள் ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுவோம். உங்கள் பிள்ளையை எண்ணச் சொல்லுங்கள், எண்ணிக் காட்டுவார்கள்.

பொம்மை, கதவுக் கைப்பிடி, மேசை, நீங்கள் பிள்ளைக்குப் பார்க்கக் கொடுக்கும் கைத்தொலைபேசி எல்லாவற்றையும் சுத்தம் செய்யுங்கள். பொம்மைகளை முதலில் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, பிறகு குளோரோக்ஸைப் போத்தலில் எழுதியுள்ள அளவில் தண்ணீரில் கலந்து துடையுங்கள். பத்து நிமிடம் விட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். கைத்தொலைபேசியில் அதை ஊற்ற வேண்டாம், ஈரத் துணியால் துடைத்தால் போதும். குளோரோக்ஸை வேறு எந்தக் கழுவும் திரவத்தோடும் கலக்காதீர்கள், அதில் நச்சுப் புகை வரும். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

தட்டு, கரண்டி, தண்ணீர்ப் போத்தல், துண்டு எல்லாம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக இருக்கட்டும். இந்தப் 10 நாளும் பிள்ளையைப் பேரங்காடி, விளையாட்டுத் திடல், நீச்சல் குளம், வேறு பராமரிப்பு நிலையம் எங்கேயும் அனுப்பாதீர்கள். ஆடி வெள்ளிக்குக் கோவிலுக்குப் போகிறவர்கள் பிள்ளையை வீட்டில் ஒருவரோடு விட்டுவிட்டுப் போங்கள். அங்கே கைக்குழந்தைகளும் வருவார்கள்.

ஜூலை 27 திங்கட்கிழமை திரும்பி வரும்போது, நோய் வந்த பிள்ளைகள் கொப்புளம் காய்ந்து, வரலாம் என்ற டாக்டரின் கடிதத்தோடு வர வேண்டும். வராத நாளுக்காக யாரும் கவலைப்பட வேண்டாம், வருகைப் பதிவை நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுப்பாடம் எதுவும் இல்லை. தினமும் ஒரு கதையைப் பிள்ளையின் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் அதைப் பதிவு செய்து எனக்கு அனுப்புங்கள், அவர்களுடைய குரல் இல்லாமல் வகுப்பு வெறிச்சென்று இருக்கும். நன்றி, வணக்கம்.

(அனுப்பும் முன் மூன்றையும் காதொலிக் கருவி இல்லாமல், கைத்தொலைபேசி ஒலிபெருக்கியில், சிற்றுண்டிச்சாலைச் சத்தத்தின் நடுவே ஒருமுறை கேட்க வேண்டும். பாட்டிகள் அப்படித்தான் கேட்பார்கள். தேதியோ ஆபத்து அறிகுறியோ தெளிவாக விழவில்லை என்றால் அந்தப் பதிவை மட்டும் மறுபடி பேச வேண்டும். முதல் பதிவு மூன்று மணிக்கு, மற்ற இரண்டும் அதைத் தொடர்ந்து உடனே. கீழே தேதிகளை எழுத்திலும் ஒரு வரி. ஆறு மணிக்கு ‘கேட்டேன்’ என்று வந்தவர்களின் பட்டியலைச் சரிபார்த்து, விடுபட்ட வீடுகளுக்கு அழைக்க வேண்டும்.)