எல்.சி. 0417ILC250038 – திருத்தம் கோரி மாற்றி எழுதிய கடிதம்

06.05.2025
பண்ருட்டி

பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள் (அந்நியச் செலாவணிப் பிரிவு)

ஐயா, வணக்கம்.

ஐவரி கோஸ்ட்டிலிருந்து 150 டன் முந்திரிக் கொட்டை வாங்க 2,10,000 டாலருக்குத் தாங்கள் திறந்து கொடுத்த மேற்படி எல்.சி.யில், ஒப்பந்தத்தோடு ஒத்துவராத இடங்களை விற்பனையாளர் பட்டியலிட்டு அனுப்பியிருக்கிறார். "பட்டியல்படி திருத்தவும்" என்று 02.05.2025 அன்று நாங்கள் கொடுத்த கடிதம் போதாது, ஃபீல்டு வாரியாக வேண்டும் என்று தங்கள் அலுவலர் கேட்டார். ஆகவே அதை ரத்து செய்து இதை ஏற்றுக்கொள்ளக் கோருகிறோம்.

44F: CHENNAI என்பது TUTICORIN என்று மாற வேண்டும். ஒப்பந்தமும் எங்கள் மரைன் பாலிசியும் தூத்துக்குடிக்கே.

44C, 31D: கடைசி ஏற்றுமதித் தேதி 20.05.2025 என்பது 10.06.2025 ஆகவும், காலாவதி 30.05.2025 என்பது 01.07.2025 ஆகவும் மாற வேண்டும். 48-இல் ஆவணம் கொடுக்க 21 நாள் என்றிருக்கிறது. ஆனால் பழைய தேதிகளின்படி, கடைசி நாளில் சரக்கு ஏற்றினால் பத்து நாள்தான் மிஞ்சும். புதிய தேதிகளில் 21 நாள் முழுதாகக் கிடைக்கும்.

39A: 05/05 சேர்க்க வேண்டும். 45A-யில் எடைக்கும் மூட்டை எண்ணிக்கைக்கும் அதே ஐந்து சதவீதம் கூட்டிக் குறைக்க அனுமதி வேண்டும். இப்போது 80 கிலோ மூட்டை 1,875 என்று எண்ணிக்கை குறித்திருப்பதால் யூ.சி.பி. 600, பிரிவு 30(b) தரும் சலுகை பொருந்தாது. ஒரு மூட்டை குறைந்தாலும் ஆவணம் திரும்பிவிடும்.

43T: டிரான்ஷிப்மென்டை அனுமதிக்க வேண்டும். சரக்கு கொழும்பில் கப்பல் மாறி வரும். கன்டெய்னர் சரக்கு என்பதால் பிரிவு 20(c) படி தடை இருந்தாலும் பாதகமில்லை. இருந்தாலும் அவர்கள் வங்கி எழுத்தில் கேட்கிறது, கொடுத்துவிடலாம்.

46A: இன்சூரன்ஸ் பாலிசி கேட்கும் வரியை நீக்க வேண்டும். விலை சி.எஃப்.ஆர்.; காப்பீடு எங்கள் பொறுப்பு. பாலிசி நகல் இணைத்துள்ளோம்.

பட்டியலில் ஆறாவதாக, தரச் சான்றிதழையும் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார். அதற்கு நாங்கள் சம்மதிக்கவில்லை. மூட்டைக்கு 47 பவுண்டு பருப்பு தேறும் என்ற சான்று இல்லாமல் பணம் போகக் கூடாது. அந்த வரி இப்போதுள்ளபடியே இருக்கட்டும். விற்பனையாளரும் நேற்று மின்னஞ்சலில் இதற்கு இசைந்துவிட்டார், நகல் இணைப்பில்.

எல்லாவற்றையும் ஒரே MT 707-ஆக அனுப்ப வேண்டுகிறோம். ஒரே திருத்தத்தில் சிலவற்றை மட்டும் ஏற்பது பிரிவு 10(e) படி மறுப்பாகவே கொள்ளப்படும் என்பது விற்பனையாளருக்கும் தெரியும். முழுவதையும் ஏற்பதாக அவர் தம் வங்கி வழியாகத் தெரிவிப்பார். அதன் பிறகே சரக்கு ஏற்றுவதாகச் சொல்லியிருப்பதால், வரும் வெள்ளிக்கிழமைக்குள் ஸ்விஃப்ட் போய்விட்டால் உதவியாக இருக்கும்.

எல்.சி. தொகை 2,20,500 டாலர் வரை உயர இடமிருப்பதால், கூடுதல் 10,500 டாலருக்கான 10 சதவீத மார்ஜினையும் திருத்தக் கட்டணத்தையும் எங்கள் நடப்புக் கணக்கில் பற்று வைக்கலாம். கட்டணம் எதையும் விற்பனையாளர் தலையில் போட வேண்டாம். அனுப்புவதற்கு முன் வரைவை ஒருமுறை எங்களுக்குக் காட்டினால் அன்றைக்கே பார்த்துத் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்
(முந்திரிப் பருப்பு ஆலை, பண்ருட்டி)

இணைப்பு: விற்பனையாளர் பட்டியல், ஒப்பந்த நகல், மரைன் பாலிசி நகல், 05.05.2025 மின்னஞ்சல், கையொப்பமிட்ட திருத்த விண்ணப்பப் படிவம்