குவாலிட்டி பிரிவுக்கு நீங்கள் திரும்பி வருவது குறித்து

அன்புள்ள கவிதா,

நலமா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று சி.என்.சி. முருகன் சொன்னார். சந்தோஷம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். குவாலிட்டி பிரிவின் பொறுப்பாளராக நீங்கள் நம் கம்பெனிக்குத் திரும்பி வர வேண்டும்.

ராஜினாமாவில் குடும்பக் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைக் காரணம் ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். வால்வ் பாடி லாட்டில் போர் சைஸ் கூடியிருக்கிறது என்று நீங்கள் நிறுத்தி வைத்ததை, கஸ்டமரிடம் டீவியேஷன் வாங்காமலே அன்றைய பிளான்ட் மேனேஜர் லாரியில் ஏற்றினார். கஸ்டமர் ஆடிட்டுக்கு வந்தபோது பதில் சொல்ல நின்றவர் நீங்கள். "விடுங்கம்மா, சமாளிப்போம்" என்றேன் நான். அதற்குப் பிறகு உங்களை இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த மேனேஜர் இப்போது இல்லை. ஆள் போனதை மட்டும் நம்பி நீங்கள் வர மாட்டீர்கள் என்று தெரியும், முறையையே மாற்றியிருக்கிறோம். குவாலிட்டி இனி புரொடக்‌ஷனுக்குக் கீழே இல்லை, நேராக என்னிடம். பைனல் இன்ஸ்பெக்‌ஷன் பாஸ் ஆகாத லாட்டுக்கு கம்ப்யூட்டரில் இன்வாய்ஸே போட முடியாது. ரிஜெக்‌ஷன் பெட்டிக்குப் பூட்டு, சாவி உங்கள் பிரிவில். போன தீபாவளிக்கு முன் ஒரு லாட் இப்படி நின்றது. தாமதத்துக்குக் கஸ்டமர் பணம் பிடித்தார். இன்ஸ்பெக்டரிடம் ஒருவரும் குரல் உயர்த்தவில்லை. சி.எம்.எம். மெஷினும் வந்துவிட்டது, அளக்க வெளியே அனுப்புவதில்லை.

மாதக் கடைசி நெருக்கடி அப்படியேதான் இருக்கிறது. கேன்டீன் சாம்பாரும்.

சில்க் போர்டு டிராஃபிக்கில் நீங்கள் பட்ட பாடு மறக்கவில்லை. 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் பாதை திறந்த பிறகு அது குறைந்திருக்கிறது. ஸ்ரீராமபுரத்தில் பச்சைப் பாதையில் ஏறி ஆர்.வி.ரோட்டில் மாறினால் பொம்மசந்திராவிலேயே இறங்கலாம். ஸ்டேஷனிலிருந்து கம்பெனி வேன் உண்டு. செகண்ட் ஷிப்ட் உங்களுக்குக் கிடையாது.

சம்பளம் மாதம் 72,000 ரூபாய். முன்பு வேலை பார்த்த ஆறு வருடமும் லீவுக்கும் சீனியாரிட்டிக்கும் சேரும். பி.எஃப். உங்கள் பழைய யு.ஏ.என்.னிலேயே தொடரும். இன்டர்வியூ, புரொபேஷன் எதுவும் இல்லை. இதையெல்லாம் ஆஃபர் லெட்டரில் எழுதித் தருகிறேன். அங்கே நோட்டீஸ் காலம் இருக்குமே, இரண்டு மாதம் வரை காத்திருப்போம்.

முடிவெடுக்கும் முன் ஒரு சனிக்கிழமை வந்து பாருங்கள். இன்ஸ்பெக்டர்களிடம் தனியாகப் பேசுங்கள், நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். கேட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். வர விருப்பமில்லை என்றாலும் இந்த மாதத்துக்குள் ஒரு வரி எழுதிவிடுங்கள். வேறு ஆள் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
சுந்தரம்
நிர்வாகப் பங்குதாரர்
பொம்மசந்திரா, பெங்களூரு